முடியாத சோதனையை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்பது எப்படி: பேட்டரி இறங்கும் கார் ஒன்றை வைத்து ஒரு வழிகாட்டி

பழுது பிடிபடுவதற்குள் ஷிப்ட் முடிந்துவிடுவது பணிமனையில் வழக்கமாக நடப்பதுதான். அப்போது ஜாப் கார்டின் ஓரத்தில் பெரும்பாலும் இவ்வளவுதான் எழுதப்படுகிறது: "பேட்டரி ஓகே. ஆல்டர்னேட்டர் ஓகே. கரண்ட் இழுக்குது. பார்க்கவும்." எழுதியவர் உண்மையாகவே உழைத்திருப்பார், அவர் எழுதியதில் பொய்யும் இல்லை. ஆனால் அடுத்து வருபவர் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பேட்டரியைச் சார்ஜ் செய்த பிறகு சோதித்தார்களா, அதற்கு முன்பா? ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் செய்கிறது என்று மட்டும் பார்த்தார்களா, வண்டி நிற்கும்போது அதன் வழியே மின்சாரம் கசியவில்லை என்பதையும் பார்த்தார்களா? எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, வண்டியைப் பூட்டி எவ்வளவு நேரம் கழித்து அளந்தது? இவற்றில் ஒன்றும் தெரியாததால் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார், அப்படித் தொடங்கும்போதே பழுது தன்னை மறைத்துக்கொள்ளவும் கூடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒப்படைப்புக் குறிப்பு எழுதக் கற்றுக்கொள்ள, நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கும் பழுதை விடப் பொருத்தமான ஒன்று இல்லை என்பது என் கருத்து. இப்போதைய கார்களைப் பூட்டியவுடன் உள்ளே இருக்கும் மின்னணு மாட்யூல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைவதில்லை. அவை ஒவ்வொன்றாக உறக்க நிலைக்குப் போகின்றன. சில வண்டிகளில் இதற்குச் சில நிமிடங்களே ஆகும். பலவற்றில் அரை மணி நேரம் வரை, சிலவற்றில் ஒரு மணி நேரமும் ஆகலாம். அதன் பிறகு மீட்டரில் தெரியும் அளவுதான் உண்மையான அளவு. பெரும்பாலான கார்களில் அது 0.05 ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். யாராவது ஒருவர் கதவைத் திறந்தால் போதும், எல்லா மாட்யூல்களும் மீண்டும் விழித்துக்கொள்ளும், காத்திருந்த நேரம் முழுவதும் வீணாகும். ஆகவே இந்தப் பழுதில் குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது.

கீழே வருவது எடுத்துக்காட்டுக்கான ஒரு கார். அதில் 45 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ளது. இரண்டு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை என்பது வாடிக்கையாளரின் புகார். பிற்பகல் 2 மணி ஷிப்டில் வண்டி உள்ளே வந்தது. இரவு 10 மணிக்கு ஷிப்ட் முடியும்போது பழுது இருக்கும் பகுதி சுருங்கியிருக்கிறது, ஆனால் காரணம் இன்னும் கையில் வரவில்லை.

முதல் படி: வண்டி இப்போது இருக்கும் நிலையை எழுதுங்கள்

குறிப்பின் முதல் வரிகள் சோதனையைப் பற்றியவையாக இருக்க வேண்டியதில்லை; வண்டியை எந்த நிலையில் விட்டுச் செல்கிறீர்கள் என்பதைப் பற்றியே இருக்க வேண்டும். அடுத்து வருபவர் குறிப்பை முழுவதும் படித்து முடிக்கும் முன்பே வண்டியில் கை வைத்துவிடலாம் என்பதுதான் காரணம்.

நம் காரில் மீட்டர் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் இடையே தொடராக இணைக்கப்பட்டிருக்கிறது. வண்டி இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் அந்த மீட்டரின் வழியாகவே செல்கிறது. மல்டிமீட்டரின் ஆம்பியர் துளைக்கு உள்ளே வழக்கமாக 10 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். செல்ஃப் மோட்டாரோ நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கக்கூடியது. விவரம் தெரியாத ஒருவர் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். வண்டிக்குச் செல்லும் மின்சாரமும் அந்த நொடியே அறுபட்டு, மாட்யூல்கள் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆம்பியர் துளையில் செருகிய வயருடன் யாராவது அந்த மீட்டரை எடுத்து வேறொரு வண்டியின் மின்னழுத்தத்தை அளக்க முயன்றால் அது நேரடி ஷார்ட் ஆகிவிடும். ஆகவே மீட்டர் எங்கே இணைந்திருக்கிறது, எந்தத் துளையில் வயர் செருகியிருக்கிறது என்ற இரண்டையும் எழுதுவது அவசியம்; அதே செய்தியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கிலும் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவதாகக் கதவுகள். ஓட்டுநர் கதவு திறந்துதான் இருக்கிறது, ஏனென்றால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டியை எட்ட வேண்டும். ஆனால் கதவின் லாக்கை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் திருப்பி வைத்திருப்பதால் கதவு மூடியிருப்பதாகவே வண்டி எண்ணிக்கொண்டிருக்கிறது. பானட்டின் லாக்கும் அப்படியே. இது குறிப்பில் இல்லையென்றால், வருபவர் நல்லெண்ணத்தோடு கதவை இழுத்துச் சாத்துவார். மூடிய நிலையில் இருக்கும் லாக் கதவுச் சட்டத்தில் மோதிச் சேதமாகும். "கைப்பிடியை இழுத்து லாக்கை விடுவித்த பிறகே கதவை மூடவும்" என்ற ஒரே வரி அதைத் தடுக்கும்.

சாவி எங்கே இருக்கிறது என்பதும் வண்டியின் நிலையைச் சேர்ந்ததுதான். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் சாவி அருகில் வந்தாலே சில மாட்யூல்கள் விழித்துக்கொள்ளும். யாராவது அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தால், மீட்டரில் அளவு ஏன் ஏறி இறங்குகிறது என்று புரியாமல் தவிக்க நேரிடும். கழற்றிய பாகங்கள், அவிழ்த்த கனெக்டர்கள், கைவிரலால் மட்டும் முடுக்கிய போல்ட்கள் இருந்தால் அவையும் இந்தப் பகுதியிலேயே வர வேண்டும்.

இரண்டாம் படி: புகாரை வாடிக்கையாளரின் சொற்களிலேயே எழுதுங்கள்

"பேட்டரி டிரெயின்" என்று நம் மொழியில் சுருக்கி எழுதிவிட்டால் துப்பு தரும் சொற்கள் காணாமல் போகும். நம் வாடிக்கையாளர் சொன்னது: "ஒரு ராத்திரி நின்றால் ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு நாள் நின்றால் ஆவதில்லை. ஆனால் எல்லா வாரமும் அப்படி இல்லை." கடைசி வாக்கியம்தான் முக்கியமானது, பழுது எப்போதும் இருப்பதில்லை என்பது அதிலிருந்துதான் தெரிகிறது. புகாருக்குக் கீழே, உங்கள் கண்முன் பழுது தோன்றியதா இல்லையா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒவ்வொரு சோதனையையும் நிபந்தனையோடு எழுதுங்கள்

ஒரு சோதனையை எழுதும்போது நான்கு செய்திகள் சேர்ந்து வர வேண்டும்: எதை, எங்கே அளந்தீர்கள்; அப்போது வண்டி எந்த நிலையில் இருந்தது; கிடைத்த அளவு என்ன; சரியான வண்டியில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும். இவற்றில் புதியவர்கள் அதிகம் விடுவது இரண்டாவதை. "0.41 ஆம்பியர் இழுக்கிறது" என்பது, பூட்டி ஐந்து நிமிடத்தில் எடுத்த அளவானால் ஒன்றையுமே சொல்வதில்லை, 28 நிமிடத்தில் 0.41-க்கு இறங்கி, அதன் பிறகு ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது என்றால் அதுதான் பழுது.

அந்த எண்ணைப் புகாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 0.41 ஆம்பியர் வீதம் 48 மணி நேரத்தில் ஏறத்தாழ 20 ஆம்பியர்-மணி இறங்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது கிட்டத்தட்டப் பாதி. நகரத்துக் குறுகிய ஓட்டத்தால் பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஆகாமல் இருந்திருந்தால், மூன்றாம் நாள் காலையில் செல்ஃப் எடுக்காது. ஒரே இரவில் இறங்குவது 5 ஆம்பியர்-மணி அளவுதான் என்பதால் மறுநாள் ஸ்டார்ட் ஆகிவிடும். புகாரும் அளவும் இப்படிப் பொருந்துகின்றன என்று ஒரு வரி எழுதினால், இதைவிடப் பெரிய கசிவு ஒன்று வேறெங்கோ ஒளிந்திருக்குமோ என்று அடுத்தவர் தேடப் போக மாட்டார்.

எந்த முறையில் சோதித்தீர்கள் என்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். எந்த ஃபியூஸ் வழியாக மின்சாரம் போகிறது என்று கண்டுபிடிக்க, பழைய வழக்கப்படி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது உண்டு. அப்படிப் பிடுங்கும்போது அந்த ஃபியூஸில் தொங்கும் மாட்யூல் மின்சாரம் இழந்து, திரும்பச் செருகும்போது புதிதாகத் தொடங்கும்; உறங்காமல் மாட்டிக்கொண்டிருந்த மாட்யூல்தான் பழுதுக்குக் காரணம் என்றால், அது அத்தோடு சரியாகிவிட்டதுபோல் தோன்றும், பிறகு எப்போது திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபியூஸைத் தொடாமல், அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளவை எடுப்பதே பாதுகாப்பான வழி. மின்சாரம் ஓடும் ஃபியூஸில் மட்டும் சிறிய மின்னழுத்த வேறுபாடு தெரியும். சிறிய தட்டை வகை 10 ஆம்பியர் ஃபியூஸின் மின்தடை ஏறத்தாழ 7.5 மில்லி ஓம் என்பதால், அதில் 2.9 மில்லிவோல்ட் தெரிந்தால் சுமார் 0.39 ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். நீங்கள் இந்த முறையைப் பின்பற்றியிருந்தால் "எந்த ஃபியூஸையும் கழற்றவில்லை, பேட்டரி இணைப்பும் ஒரு நொடிகூட அறுபடவில்லை" என்று எழுதுங்கள். கழற்றியிருந்தால் எந்த ஃபியூஸை, எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள் என்று எழுதுங்கள். இரண்டில் எது நடந்தாலும் அது அடுத்தவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஸ்கேனரால் படித்த கோளாறுக் குறியீடுகளுக்கும் இதுவே பொருந்தும். படித்தீர்களா, அழித்தீர்களா என்ற இரண்டும் வேண்டும். அழித்துவிட்டு எழுதாமல் போனால், "குறியீடு எதுவும் இல்லை" என்று அடுத்தவர் தவறாக நம்புவார்.

நான்காம் படி: எதை விலக்கினீர்கள், எந்த எல்லை வரை விலக்கினீர்கள்

குறிப்பிலேயே பொறுப்பு மிகுந்த பகுதி இதுதான். ஒரு காரணத்தை நீங்கள் விலக்கிவிட்டால் அடுத்தவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆகவே "விலக்கப்பட்டது" என்ற சொல்லை எழுதும் முன், பழுது நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அந்தச் சோதனையைச் செய்தோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். பழுது விட்டுவிட்டு வருகிற வண்டியில், பழுது இல்லாத நேரத்தில் செய்த சோதனை ஒரு காரணத்தையும் விலக்காது. "பார்த்தபோது சரியாக இருந்தது" என்பதைத் தாண்டி அதிலிருந்து எதுவும் சொல்ல இயலாது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதக் கூடாது.

ஆல்டர்னேட்டரை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14.3 வோல்ட், ஹெட்லைட்டும் புளோயரும் போட்ட பிறகு 14.0 வோல்ட். சார்ஜிங் சரியாக இருக்கிறது என்பதற்கு இது போதும். ஆனால் அதற்குள் இருக்கும் டையோடு ஒன்று கசிந்தால், வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி ஓடும். அதை இந்த 14.3 வோல்ட் காட்டிக்கொடுக்காது. அதற்காக, மீட்டரில் 0.41 தெரிந்துகொண்டிருக்கும்போதே, கிளாம்ப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி ஆல்டர்னேட்டரின் தடித்த பிளஸ் கேபிளைச் சுற்றி மாட்டிப் பார்த்ததில் 0.00 வந்தது. இப்போது எழுத வேண்டிய வாக்கியம் இது: "ஆல்டர்னேட்டர் கசிவு விலக்கப்பட்டது, 0.41 இழுத்துக்கொண்டிருந்தபோதே அளந்தது, கிளாம்ப் 0.01-க்குக் கீழே காட்டாது." கடைசித் துண்டு அளவியின் எல்லையைச் சொல்கிறது. மிகச் சிறிய கசிவு இருக்கலாம், ஆனால் தேடும் 0.41 அங்கே இல்லை.

தவறாக விலக்குவது எப்படி நேர்கிறது என்பதையும் இதே வண்டியில் பார்க்கலாம். டிக்கி திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை டேஷ்போர்டில் வரவில்லை. இதை வைத்து "டிக்கி மூடியிருப்பதாக வண்டிக்குத் தெரிகிறது, எனவே டிக்கி விளக்கு அணைந்திருக்கிறது" என்று எழுதத் தோன்றும். வயரிங் வரைபடத்தைப் பார்த்தால்தான், அந்த எச்சரிக்கை லாக்கில் இருக்கும் சுவிட்சிலிருந்து வருகிறது, விளக்குக்கோ மூடியின் ஓரத்தில் தனியாக ஒரு பொத்தான் சுவிட்ச் இருக்கிறது என்பது தெரியும். ஒன்று சரியாக இருப்பதை வைத்து மற்றதை விலக்க முடியாது. ஆகவே நேரடியாக அளந்து அறிந்ததையும் ஊகித்து அறிந்ததையும் கலக்காமல் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: விளக்கம் தெரியாததையும் எழுதுங்கள்

இரவு 9.40-க்கு அளவு 0.41-லிருந்து 0.02-க்கு இறங்கி, சில நொடிகளில் திரும்பவும் 0.41-க்கு வந்தது. அந்த நேரத்தில் டயர்கள் ஏற்றிய தள்ளுவண்டி காரின் பின் பம்பரில் லேசாக இடித்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று எழுதுபவருக்கு உறுதியாகத் தெரியாது. காரணம் தெரியாததை எழுதினால் அனுபவமில்லாதவர் என்று எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கத்தில் இப்படிப்பட்டவற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடாதீர்கள். நேரம், அளவு, அப்போது பக்கத்தில் நடந்தது ஆகிய மூன்றை மட்டும் எழுதி, முடிவு எதையும் சேர்க்காமல் விட்டுவிட்டால் போதும்.

ஆறாம் படி: அடுத்து என்ன செய்ய வேண்டும், ஏன் நீங்கள் செய்யவில்லை

மிச்சமிருக்கும் சந்தேகங்களை வலுவான வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லுங்கள். நம் காரில் 2.9 மில்லிவோல்ட் தெரிந்தது 14-ஆம் எண் ஃபியூஸில் மட்டும். வரைபடத்தின்படி அது ஆடியோ, கூரை விளக்கு, கிளவ் பாக்ஸ் விளக்கு, டிக்கி விளக்கு ஆகிய நான்குக்கும் மின்சாரம் தருகிறது. 0.39 ஆம்பியரை 12.5 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 5 வாட் வருகிறது, சிறிய உள் விளக்கின் பல்பும் 5 வாட்தான். மற்ற மூன்றையும் உள்ளே இருந்தபடியே பார்த்தாகிவிட்டது. டிக்கி ஒன்றுதான் பாக்கி.

அப்படியானால் ஏன் டிக்கியைத் திறக்கவில்லை என்று படிப்பவர் கேட்பார். அதற்கான பதில் குறிப்பிலேயே இருக்க வேண்டும். பத்து நிமிடம்தான் மிச்சமிருந்தது. அதைவிட முக்கியமாக, சுவிட்ச் சரியாக அழுந்தாததுதான் காரணம் என்றால், மூடியை ஒருமுறை திறந்து மூடினாலே அது வேறு நிலையில் உட்கார்ந்து பழுது மறைந்துவிடலாம். எனவே கடைசி வரை போக நேரம் உள்ளவர்தான் அதைத் திறக்க வேண்டும். திறந்ததும் முதல் வேலையாகப் பல்பின் கண்ணாடி மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். திறந்தவுடன் விளக்கு எப்படியும் எரியும், ஆகவே கண்ணால் பார்த்து ஒன்றும் தெரியாது. ஆனால் மணிக்கணக்கில் எரிந்த பல்பு சுடும், அப்போதுதான் எரியத் தொடங்கியது சுடாது. இந்தச் சோதனைக்கு ஒரே ஒரு வாய்ப்புதான்.

பரிந்துரைக்கும் சோதனைக்கு என்ன விடை வந்தால் என்ன பொருள் என்பதை இரண்டு பக்கமும் எழுதிவிடுங்கள். நீங்கள் எதிர்பார்த்தபடி விடை வராதபோதுதான் அடுத்தவருக்கு உங்கள் உதவி அதிகம் தேவைப்படும்.

முழுக் குறிப்பு

மேலே சொன்னவற்றைச் சேர்த்தால் குறிப்பு இப்படி அமையும்.

"நிறுத்திக் கவனிக்கவும்: மீட்டர் பேட்டரி மைனஸில் தொடராக இருக்கிறது. சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் உள்ளது. சாவியைப் போட வேண்டாம், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மீட்டரை எடுக்கும் முன் பக்கத்தில் வைத்துள்ள ஜம்பர் வயரை மைனஸ் முனைக்கும் கேபிளுக்கும் இடையே மாட்டவும். ஓட்டுநர் கதவு லாக்கும் பானட் லாக்கும் ஸ்குரூடிரைவரால் மூடிய நிலையில் உள்ளன. விடுவித்த பிறகே மூடவும். சாவி அலுவலகப் பெட்டியில் உள்ளது. ஆடியோ கனெக்டர் அவிழ்த்து டேப் சுற்றித் தொங்குகிறது. டிக்கியைத் திறக்கும் முன் கடைசிப் பகுதியைப் படிக்கவும்.

புகார்: ஒரு ராத்திரி நின்றால் ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு நாள் நின்றால் ஆவதில்லை, எல்லா வாரமும் அப்படி இல்லை. இன்று என் கண்முன் கசிவு தெரிந்தது.

செய்தவை: 2.15-க்கு வந்தபோது பேட்டரி 11.8 வோல்ட். குறியீடுகளைப் படித்தேன், குறைந்த மின்னழுத்தம் பற்றியவை மட்டும் இருந்தன, அழிக்கவில்லை. 5.45 வரை சார்ஜ் செய்து, ஹெட்லைட் போட்டு மேற்பரப்புச் சார்ஜை இறக்கிய பிறகு 12.6 வோல்ட். பேட்டரி டெஸ்டரில் தேறியது. 6.10-க்கு எஞ்சின் ஓட்டத்தில் 14.3, லோடு போட்டு 14.0 வோல்ட். 6.30-க்கு மீட்டர் இணைத்தேன், தொடக்கத்தில் 4.6 ஆம்பியர், 6.58-க்கு 0.41, அதன் பின் 8 மணி வரை மாற்றமில்லை. இருக்க வேண்டியது 0.05-க்குக் கீழ். 8.05 முதல் ஃபியூஸ்களில் மில்லிவோல்ட் பார்த்தேன்: உள் பெட்டியில் 14-ஆம் எண்ணில் 2.9, மற்றவற்றில் கவனிக்கும்படி எதுவும் இல்லை. எந்த ஃபியூஸையும் கழற்றவில்லை. பேட்டரி இணைப்பு அறுபடவில்லை.

விலக்கியவை, எல்லாம் 0.41 இழுக்கும்போதே: ஆல்டர்னேட்டர் கசிவு (8.35, கிளாம்ப் 0.00, 0.01-க்குக் கீழே காட்டாது). ஆடியோ (8.50, கனெக்டரை அவிழ்த்தும் 0.41). கிளவ் பாக்ஸ் விளக்கு (9.05, திறந்தவுடன் தொட்டேன், பல்பு குளிர்ந்திருந்தது). கூரை விளக்கு (எரியவில்லை, கண்ணால் பார்த்தேன், அதன் வயரைச் சோதிக்கவில்லை).

விலக்காதவை: டிக்கி விளக்கும் அதன் பொத்தான் சுவிட்சும். டேஷ்போர்டில் எச்சரிக்கை இல்லை, ஆனால் விளக்குக்குத் தனி சுவிட்ச். டிக்கிக் கீல் அருகே வயர் உராய்ந்திருக்கலாம் அல்லது கனெக்டரில் ஈரம் இருக்கலாம், பார்க்கவில்லை.

கவனித்தது: 9.40-க்கு 0.02-க்கு இறங்கிச் சில நொடியில் மீண்டும் 0.41. அப்போது தள்ளுவண்டி பின் பம்பரில் இடித்தது.

அடுத்து: முழுதாகச் செய்ய நேரம் இருக்கும்போது மட்டும் ஜம்பரை மாட்டிவிட்டு டிக்கியைத் திறந்து உடனே விளக்கைத் தொடவும். சுட்டால் பல்பைக் கழற்றி, மூடி, அரை மணி நேரம் கழித்து ஜம்பரை எடுத்துவிட்டுப் படிக்கவும்; 0.02 வர வேண்டும். சுடாவிட்டால் மூடியைச் சாத்தாமல் டிக்கி லாக்கை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் திருப்பி, பின்பக்கக் கனெக்டரை அவிழ்த்து, அரை மணி கழித்து ஜம்பரை எடுத்துவிட்டுப் படிக்கவும். 0.02-க்கு வந்தால் பழுது கனெக்டருக்கு அப்பால்; 0.41-லேயே நின்றால் ஃபியூஸ் பெட்டிக்கும் கனெக்டருக்கும் நடுவில், அல்லது கூரை விளக்கின் வயரில். பேட்டரி 9.45-க்கு 12.5 வோல்ட். பாகம் எதுவும் ஆர்டர் செய்யவில்லை. வண்டி இன்று கிடைக்காது என்று வாடிக்கையாளரிடம் சொல்லியாகிவிட்டது."

ஒரு பக்கத்துக்குச் சற்று மேல் வரும் இந்தக் குறிப்பை ஷிப்டின் கடைசிப் பத்து நிமிடத்தில் நினைவிலிருந்து எழுத முடியாது. மீட்டரைப் படிக்கும்போதே நேரத்தையும் அளவையும் ஜாப் கார்டில் எழுதிக்கொண்டே வந்தால், கடைசியில் செய்ய வேண்டியது வரிசைப்படுத்துவது மட்டுமே. ஆள் நேரில் கிடைத்தால் வண்டிக்குப் பக்கத்தில் நின்று முதல் பகுதியை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். மீதியை அவர் படித்துக்கொள்வார்.

அடுத்த ஷிப்டில் தொடர்பவர் புதுத் தாளில் எழுதாமல் இதே குறிப்பின் கீழே எழுத வேண்டும். நம் காரில் அவர் டிக்கியைத் திறந்து தொட்டபோது விளக்கு சுட்டது. பொத்தான் சுவிட்சின் ரப்பர் முனை தேய்ந்து, மூடி அதை முழுவதும் அழுத்தவில்லை. பல்பைக் கழற்றி மூடி, அரை மணி கழித்துப் பார்த்ததில் 0.02. அவர் சுவிட்சை மாற்றி, பல்பைத் திரும்பப் போட்டார். ஆனால் வேலை அங்கே முடியவில்லை. அந்த 0.02 ஆடியோ அவிழ்ந்திருந்த நிலையில் எடுத்த அளவு. ஆடியோவிலும் தனியாக ஒரு கசிவு இருந்தால் அது இந்த அளவில் தெரிந்திருக்காது. எனவே ஆடியோ கனெக்டரைச் செருகி, கதவு, பானட் லாக்குகளை விடுவித்து எல்லாவற்றையும் உண்மையாகவே மூடி, வண்டியைப் பூட்டி மீண்டும் ஒரு முறை அரை மணி காத்திருந்து, 0.03 என்று படித்த பிறகே ஜாப் கார்டை முடித்துக் கையெழுத்திட்டார்.